மலையாள நோட்டீஸை அகராதி இல்லாமல் வாசிக்க: சொல்லைப் பிரித்துப் பொருள் பிடிக்கும் முறை

பொள்ளாச்சிப் பக்கமிருந்து எல்லை தாண்டிக் கேரளத்துக் கொழிஞ்சாம்பாறைக்குக் குடிவந்த முதல் மழைக்காலம். மலையாள எழுத்துகளைக் கூட்டிக்கூட்டி வாசிக்கக் கற்றுக்கொண்டிருந்த நேரம். பக்கத்து டீக்கடையில் கிடந்த பேப்பரில் பெரிய எழுத்தில் இருந்ததை வாசித்தேன்: "கனத்த மழ: ஸ்கூளுகள்க்கு நாளெ அவதி." கனத்த மழை, பள்ளிகளுக்கு நாளைக்கு அவதி. பாவம், கூரை ஒழுகும் பள்ளிகளைப் பற்றிச் சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் காலையில் பையனுக்கு ரெயின்கோட் மாட்டிக் கூட்டிக்கொண்டு போனால் பள்ளிக் கேட்டில் பூட்டு. மலையாளத்தில் அவதி என்றால் விடுமுறை. எதிர்வீட்டு அக்கா வாசலில் நின்று, "ஏனுங்க, லீவுன்னு பேப்பர்லயே போட்டிருந்தாங்களே, பாக்கலையா?" என்று கேட்டார். பார்த்தேன், அதுதான் பிரச்சினை.

சித்தூர் தாலுகாவில் இந்தக் கிழக்கு ஓரம் முழுக்க, கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, வேலந்தாவளம், கோவிந்தாபுரம் என எங்கே போனாலும் கடையிலும் பஸ்ஸிலும் தமிழ் பேசிச் சமாளித்துவிடலாம். சில அறிவிப்புகள் தமிழிலும் வரும். ஆனால் சுவரில் ஒட்டும் நோட்டீஸ், பள்ளியிலிருந்து வரும் கடிதம், பேப்பர் எல்லாம் பெரும்பாலும் மலையாளம்தான். எழுத்துத் தெரிந்துவிட்டது, சொல் புரியவில்லை என்ற கட்டத்தில் நிற்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எழுத்தே தெரியாதவர்கள் முதலில் ஒரு மாதம் எழுத்தோடு உட்காருங்கள். இந்த முறைக்கு அது கட்டாயம் வேண்டும், ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

பேச்சு மலையாளம் நமக்குப் பாதி புரிவதும் எழுத்து மலையாளம் புரியாததும் ஏன்? பேச்சில் இருப்பது வா, போ, மழை, பணி, வீடு போன்ற நமக்கும் பொதுவான சொற்கள். நோட்டீஸில் வருவது பெரும்பாலும் வடசொல். அதிலும் முன்னால் ஓர் ஒட்டு, பின்னால் இரண்டு ஒட்டு சேர்ந்து நீளமாக நிற்கும் சொல். தமிழில் அந்த வடசொற்கள் பலவற்றை நாம் கைவிட்டுவிட்டோம். இன்றைக்கு வேட்பாளர் என்கிறவரை ஒரு காலத்தில் தமிழ்ப் பத்திரிகைகள் அபேட்சகர் என்றுதான் எழுதின. மலையாளத்தில் அபேக்ஷ என்றால் விண்ணப்பம், அபேக்ஷகன் விண்ணப்பிக்கிறவர். தாத்தா பாட்டி பேசிய தமிழ் காதில் விழுந்து வளர்ந்தவருக்கு இங்கே பாதி வேலை முடிந்தது.

இனி ஒரு நோட்டீஸை எடுத்துக்கொண்டு முழுதாகப் பிரிப்போம். குடிநீர் பற்றி இதே மாதிரி வாசகத்தோடு அடிக்கடி வரும். தமிழ் எழுத்தில் தருகிறேன்:

"பைப்லைனில் அற்றகுற்றப்பணிகள் நடக்குன்னதினால் நாளெ முதல் குடிவெள்ள விதரணம் பாகிகமாயி தடஸ்ஸப்பெடும். விதரணம் புனஸ்தாபிக்குன்னதுவரெ உபபோக்தாக்கள் ஸஹகரிக்கணமென்னு அப்யர்த்திக்குன்னு."

சொல்லின் வால்பக்கத்திலிருந்து தொடங்குங்கள்

புதியவர்கள் எல்லாரும் செய்யும் தவறு, நீளமான சொல்லை இடமிருந்து வாசித்து, முதல் இரண்டு எழுத்திலேயே பொருள் தேடுவது. மலையாளமும் தமிழ் மாதிரி வால் நீளும் மொழி. வாலில் இருப்பதெல்லாம் நமக்குத் தெரிந்த சரக்கு. அதை முதலில் கழற்றினால் சொல் பாதியாகக் குறைந்துவிடும்.

மேலே உள்ள நோட்டீஸில் பாருங்கள். நடக்குன்னதினால் என்பதில் கடைசியில் இருப்பது நம் "அதினால்" தான். "குன்னு", "குன்ன" என்பது நம் "கிறது", "கிற" இருக்கும் இடம். ஆக, நடக்கிறதினால். "வரெ" என்பது வரை. "என்னு" என்பது என்று. "ஆயி" என்பது ஆய், ஆக. "பெடும்" என்பது படும். "கணம்" என்று முடிவதை நாம் பேச்சில் "செய்யணும், போகணும்" என்கிறோமே, அந்த "ணும்" தான். இதையெல்லாம் நான் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யவில்லை. வாய்விட்டு ஒருமுறை மெதுவாகப் படித்தால் காது கண்டுபிடித்துவிடும்.

எதிர்மறை வால் ஒன்றை மட்டும் தனியாகக் கவனியுங்கள். "அருது" என்று முடிந்தால் செய்யக்கூடாது. துப்பருது என்றால் துப்பக்கூடாது. காது இதைத் தானாகப் பிடிக்காது. இது தெரியாமல் விட்டால் பொருள் தலைகீழாகிவிடும்.

வாலைக் கழற்றிய பிறகு சில சொற்களில் "இக்கு" என்று ஒரு துண்டு மிஞ்சும்: ஸஹகரிக்கு, அப்யர்த்திக்கு, புனஸ்தாபிக்கு. இது வடசொல்லை வினையாக்கும் துண்டு. நாமும் யோசனையை யோசிக்கிறோம், பூஜையைப் பூஜிக்கிறோம். அதே இக்கு. இந்தத் துண்டைப் பார்த்தால், இதற்கு முன்னால் இருப்பது வடசொல், முன்னொட்டு இருந்தாலும் இருக்கலாம் என்று தெரிந்துகொள்ளலாம். இனிமேல்தான் இடப்பக்கம் போக வேண்டும்.

நம் சொல்லா, வடசொல்லா?

முன்னொட்டைப் பிரிப்பதற்கு முன் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். அற்றகுற்றப்பணி வடசொல் அல்ல. அதில் முன்னொட்டைத் தேடினால் ஏமாந்துபோவோம். அற்றது, குற்றம், பணி என்று நம் காதோடு பிரித்துக்கொள்ளலாம். அற்றுப்போனதையும் குறைபட்டதையும் சரிசெய்யும் பணி, அதாவது பழுதுபார்ப்பு வேலை. தடஸ்ஸப்பெடும் என்பதிலும் தடை கண்ணில் படுகிறது. தடைப்படும்.

குடிவெள்ளம் என்பதைச் சொல்லவே வேண்டாம், குடிக்கும் தண்ணீர். வெள்ளம் என்றால் இங்கே வெறும் தண்ணீர்தான். ஹோட்டலில் "வெள்ளம் வேணோ?" என்று கேட்டால் பயப்பட வேண்டாம்.

ஓர் ஒலிமாற்றத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நாம் ஐ என்று முடிக்கும் சொல்லை மலையாளம் அ என்று முடிக்கும். பரிசோதனை என்பது பரிசோதன. நாம் "ட்ச" என்று எழுதுவதை அவர்கள் "க்ஷ" என்று எழுதுவார்கள். பரீட்சை என்பது பரீக்ஷ. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் அபேக்ஷ என்பது அபேட்சையாகத் தெரியும்.

முன்னொட்டைக் கழற்றி, மிஞ்சியதற்குத் தமிழில் உறவு தேடுங்கள்

ஸஹகரிக்கு: ஸஹ என்றால் கூட. சகமனிதன், சகபயணி என்று நாம் சொல்வது அதுதான். மிஞ்சியது கரி, செய்தல். கூடச் செய், ஒத்துழை. ஸஹகரிக்கணம் என்றால் ஒத்துழைக்கணும்.

புனஸ்தாபிக்கு: புனர்ஜென்மத்தில் வரும் புனர் இங்கே "ஸ்" பக்கத்தில் வந்ததால் ரகரத்தை இழந்து நிற்கிறது. மிஞ்சியது ஸ்தாபி, ஸ்தாபனத்தில் வருவது. மறுபடி நிறுவுதல். குடிநீர் விஷயத்தில் மறுபடி விடுவது.

அப்யர்த்திக்கு: இதில் நான் நிறைய நேரம் தடுமாறினேன். அபி என்ற முன்னொட்டு, அடுத்துவரும் அகரத்தோடு சேர்ந்து "அப்ய" என்று உருமாறி நிற்கிறது. மிஞ்சியது அர்த்தி. நமக்குத் தெரிந்த அர்த்தம் என்ற சொல்லை வைத்து "பொருள் சொல்கிறோம்" என்று முதலில் நினைத்தேன். வாக்கியத்தில் அது ஒட்டவில்லை. அப்போதுதான் பிரார்த்தனை நினைவுக்கு வந்தது. பிர என்ற முன்னொட்டோடு வந்த அதே அர்த்தி. வேண்டுதல், கேட்டல். ஒத்துழைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். சரி, இப்போது ஒட்டுகிறது.

இந்த அர்த்தி ஒன்று பிடிபட்டதும் அடுத்த வாரமே நான்கு சொற்கள் தாமாகத் திறந்துகொண்டன. வித்யார்த்தி, வித்தையை வேண்டுகிறவர், மாணவர். தேர்தல் சுவரொட்டியில் ஸ்தானார்த்தி, ஸ்தானத்தை வேண்டுகிறவர், வேட்பாளர். வேலை விளம்பரத்தில் உத்யோகார்த்தி. பேப்பரில் வெளிநாட்டுச் செய்தியில் அபயார்த்தி, அபயம் தேடி வந்தவர், அகதி. நான்கையும் தனித்தனியாக அகராதியில் தேடியிருந்தால் நான்கு நாளில் மறந்திருப்பேன். ஸ்தானார்த்தி என்ற சொல்லின் அழகு தனி. வேட்பாளரிலும் வேட்பு என்பது விரும்புதல்தானே. ஒரே எண்ணத்தை இரண்டு மொழியும் தத்தம் சரக்கில் செய்துகொண்டிருக்கின்றன.

உபபோக்தாக்கள்: வாலில் உள்ள க்கள் பன்மை. அதை எடுத்தால் உபபோக்தா. கடைசித் தா என்பது செய்கிறவரைக் காட்டும் துண்டு. கர்த்தா என்றால் செய்கிறவர் என்பது நமக்குத் தெரியும். மலையாளத்தில் ஒருமையில் இது "தாவு" என்று வரும்: நேதாவு தலைவர், தாதாவு கொடுப்பவர். இனி போக்தா என்றால் போகத்தைச் செய்கிறவர், அனுபவிக்கிறவர். சுகபோகம், அனுபோகம் எல்லாம் இந்த வீட்டுப் பிள்ளைகள். ஆக, தண்ணீரை அனுபவிக்கிறவர்கள், நுகர்வோர்.

இதை உபயோகம் என்று நினைத்து "உபயோகிக்கிறவர்கள்" என்று பொருள் கொள்பவர்களும் உண்டு. வழி தவறு, ஆனால் போய்ச்சேரும் இடம் கிட்டத்தட்ட சரி. அதனால் திருப்தி அடைந்து நின்றுவிட்டால் நஷ்டம் அடுத்த சொல்லில் தெரியும். பஞ்சாயத்தில் ஒட்டும் குணபோக்த்ரு லிஸ்ட் என்ற பட்டியல்தான் அந்தச் சொல். குணபோக்தாவு என்றால் நன்மையை அனுபவிக்கிறவர், திட்டத்தின் பயனாளி. கூட்டுச்சொல்லில் தா என்பது "த்ரு" ஆகிவிடும். உபயோகம் என்ற பாதையில் போனவருக்கு இந்தச் சொல் திறக்காது. போகம் என்ற பாதையில் போனவர் நேராகத் தன் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று தேடப் போய்விடுவார்.

பாகிகமாயி: வாலில் ஆயி போனால் பாகிகம். பாகம் என்பதோடு "இக" சேர்ந்தது. சமூகம் சாமூகிகம் ஆவது போல. பாகமாக, ஒரு பகுதி மட்டும். முழுதாக நிற்காது, கொஞ்சம் வரும். இந்த ஒரு சொல் புரிந்தால் டிரம் எத்தனை நிரப்ப வேண்டும் என்ற கணக்கே மாறும்.

மிஞ்சியது விதரணம். இதைப் பிரித்துப் பயனில்லை. வி, தரணம் என்று பிரியும். தரணம் என்பதற்கு நம்மிடம் உறவு கிடைக்காது. இங்கே பக்கத்துச் சொல்தான் கைகொடுக்கும். குடிநீருக்கு ஏதோ நடக்கிறது, அது தடைப்படும், பிறகு மறுபடி நிறுவப்படும். அப்படியென்றால் விநியோகம். இதோடு நிறுத்தாமல் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்துக்கொண்டேன். ரேஷன் கடையில் "ரேஷன் விதரணம்" என்று பார்த்தபோது கேள்விக்குறியை அழித்தேன். ஒரு சொல்லை இரண்டு வேறு இடங்களில் பார்த்து, ஒரே பொருள் இரண்டிலும் உட்கார்ந்தால்தான் நான் அதைத் தெரிந்த சொல்லாகக் கணக்கில் சேர்ப்பேன்.

ஆக நோட்டீஸ் சொல்வது: பைப்லைனில் பழுதுபார்க்கும் வேலை நடப்பதால் நாளை முதல் குடிநீர் விநியோகம் ஓரளவு தடைப்படும். மறுபடி சீராகும்வரை நுகர்வோர் ஒத்துழைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

ஒரு குடும்பத்தை முழுதாகப் பிடியுங்கள்: ரோதம்

முன்னொட்டுகளைப் பட்டியலாகப் படிப்பதைவிட, ஒரு வேரை வைத்துக்கொண்டு முன்னொட்டு மாற மாற என்ன ஆகிறது என்று பார்ப்பது நல்லது. இந்த ஊர்ப் பேப்பரை வாசிக்க எனக்கு மிகவும் உதவிய வேர் ரோதம். தடுப்பு, அடைப்பு என்று பொருள். தமிழில் விரோதம் மட்டும் நிலைத்திருக்கிறது.

சாலையில் "கதாகதம் நிரோதிச்சிரிக்குன்னு" என்று பலகை இருக்கும். கத என்றால் போன, ஆகத என்றால் வந்த. போக்கும் வரவும் சேர்ந்து போக்குவரத்து. நி சேர்ந்த ரோதம் முழுத் தடை. போக்குவரத்து தடைசெய்யப்பட்டிருக்கிறது. கலவரச் செய்தியில் வரும் நிரோதனாக்ஞ என்பது தடை ஆணை.

சுகாதார நிலையத்தில் "பிரதிரோத குத்திவெப்பு" என்று எழுதியிருக்கும். பிரதி என்றால் எதிர். எதிர்த்துத் தடுப்பது. குத்திவைப்பது ஊசி. தடுப்பூசி.

பேப்பரில் "நாட்டுகார் ரோடு உபரோதிச்சு" என்று வரும். இங்கேதான் பலர் சறுக்குவார்கள். உப என்றால் துணை, கீழ் என்றுதான் நமக்குத் தோன்றும், உபதலைவர் மாதிரி. அப்படி எடுத்தால் "சின்னத் தடை" என்று ஆகிவிடும். உப என்பதன் அடிப்படைப் பொருள் அருகே. அருகே போய் உட்கார்ந்து அடைப்பது. ஊர்க்காரர்கள் சாலை மறியல் செய்தார்கள். முன்னொட்டுக்கு ஒரே பொருள்தான் என்று முடிவுகட்டாமல், அதே முன்னொட்டுள்ள இரண்டு மூன்று தமிழ்ச் சொற்களை நினைத்துப் பார்த்துவிட்டுப் பொருத்துங்கள்.

இன்னொரு சின்ன எச்சரிக்கை. நிரோதம் என்பதை நிர், ஓதம் என்று பிரிக்காதீர்கள். ரகரம் வேரைச் சேர்ந்தது, முன்னொட்டு நி மட்டும். நிராசை என்பதிலோ ரகரம் முன்னொட்டைச் சேர்ந்தது: நிர், ஆசை. எந்த இடத்தில் வெட்டுவது என்று எப்படித் தெரியும்? வெட்டி மிஞ்சிய துண்டு வேறு ஏதாவது சொல்லில் உயிரோடு இருக்கிறதா பாருங்கள். ஆசை இருக்கிறது. "ஓதம்" பிரதி, உப, வி எதோடும் வரவில்லை. ரோதம் எல்லாவற்றோடும் வருகிறது. வெட்ட வேண்டிய இடம் எது என்று குடும்பமே சொல்லிவிடும்.

ஈகரணம்: எழுத்தைப் பார்த்தே தீர வேண்டிய இடம்

பின்னொட்டில் ஒன்றே ஒன்று சொல்கிறேன், அவ்வளவு தூரம் அது வருகிறது. ஈகரணம் என்று முடிந்தால், முன்னால் உள்ளதாக ஆக்குதல். ரோடு நவீகரணம் என்றால் நவமாக்குதல், புதுப்பித்தல். சுசீகரணம், சுத்தமாக்குதல். வைத்யுதீகரணம், மின்மயமாக்குதல். பொருள் பிடிக்க, ஈகாரத்தை அகரமாகவோ இகரமாகவோ குறுக்கி முன்சொல்லைப் பழைய உருவத்துக்குக் கொண்டுவர வேண்டும்: நவ, சுசி.

இப்போது ஒரு செய்தித் தலைப்பு: "டெங்கிப்பனி ஸ்திரீகரிச்சு." பனி என்றால் இங்கே காய்ச்சல், அது தெரியும். டெங்குக் காய்ச்சலைப் பெண்ணாக்கிவிட்டார்களா? ஈகாரத்தை அகரமாகக் குறுக்கினால் ஸ்திர. ஸ்திரம் என்றால் உறுதி. டெங்கு உறுதிசெய்யப்பட்டது. தமிழ் எழுத்தில் எழுதினால் இதுவும் பெண்ணைக் குறிக்கும் ஸ்திரீயும் ஒன்றாகத் தெரிகின்றன. மலையாள எழுத்தில் இரண்டும் வேறு. உறுதியில் வருவது தகரத்தின் அழுத்தமான வகை, அதற்குத் தனி எழுத்து. பெண்ணில் வருவது சாதாரணத் தகரத்தோடு ரகரம் சேர்ந்த கூட்டெழுத்து. எழுத்தோடு ஒரு மாதம் உட்காரச் சொன்னது இதற்காகத்தான். காதை மட்டும் நம்பி, சொல்லைத் தமிழ் எழுத்தில் நோட்டில் எழுதிவைத்துக்கொண்டால் இந்த வித்தியாசம் போய்விடும். நோட்டில் மலையாள எழுத்திலேயே எழுதுங்கள்.

கரணத்துக்குப் பக்கத்திலேயே "க்ருத" என்று ஒரு முடிவு வரும், ஆன, செய்யப்பட்ட என்று பொருள். அங்கீகாரம் நமக்குத் தெரியும். அங்கீக்ருத என்றால் அங்கீகரிக்கப்பட்ட. இந்த ஒரு சோடியை வைத்து அடுத்ததைத் திறக்கலாம். அதிகாரம் என்றால் அதிக்ருத. உயிரெழுத்தில் தொடங்கும் சொல்லுக்கு முன்னால் "இல்லை" என்பதைக் காட்ட வருவது "அன்", நம் அநாவசியத்தில் உள்ளது மாதிரி. அனதிக்ருத நிர்மாணம் என்றால் அதிகாரம் பெறாத கட்டுமானம். காம்பவுண்டு சுவர் கட்டப்போகிறவர்கள் இந்தச் சொல்லைக் கண்டிப்பாகத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

தெரிந்த முகத்தோடு வந்து ஏமாற்றுபவை

என் அனுபவத்தில், தெரியாத சொல் அவ்வளவாக ஏமாற்றாது. தெரியாது என்று நமக்கே தெரிவதால் நின்று யோசிப்போம். தெரிந்த சொல்லின் முகத்தோடு வருவதுதான் கேட் வரைக்கும் நடக்கவிடும்.

மறுபடி அந்த அவதிக்கு வருகிறேன். அதன் அடிப்படைப் பொருள் எல்லை, கெடு. பழைய தமிழிலும் அவதி என்பதற்கு எல்லை என்ற பொருள் உண்டு. நாம் துன்பத்தை மட்டும் வைத்துக்கொண்டோம், அவர்கள் கெடுவை வைத்துக்கொண்டு அதிலிருந்து விடுமுறைக்குப் போய்விட்டார்கள். இதை எனக்குக் காட்டிக்கொடுத்தது காலாவதி என்ற சொல். லைசென்ஸின் காலாவதி என்று ஒரு தேதி போட்டிருந்தது. தமிழில் காலாவதி என்றால் காலம் கடந்து செல்லாமல் போனது. இங்கே காலத்தின் எல்லை, செல்லுபடியாகும் காலம். "காலாவதி மூன்னு வர்ஷம்" என்று பார்த்து, மூன்று வருடமாகக் காலாவதியாகிக் கிடக்கிறது என்று யாராவது பதறினால் ஆச்சரியமில்லை.

அவஸரம் என்றால் வாய்ப்பு. தொழிலவஸரம் என்ற விளம்பரம் அவசரமாக ஆள் தேவை என்று சொல்லவில்லை, வேலைவாய்ப்பு என்கிறது. அனுவாதம் என்றால் அனுமதி. பிரதி என்று தனியாக வந்தால் குற்றம் சாட்டப்பட்டவர். "மோஷணக்கேஸ் பிரதி பிடியில்" என்ற தலைப்பைப் பார்த்து, திருட்டு வழக்கின் ஜெராக்ஸ் யாரிடமோ சிக்கிவிட்டது என்று நானும் ஒரு நண்பரும் ஐந்து நிமிடம் பேசிக்கொண்டிருந்திருக்கிறோம்.

இந்த வகையை எப்படிக் கண்டுபிடிப்பது? வாக்கியம் சொல்லும் செய்தி கொஞ்சம் விநோதமாகவோ, நோட்டீஸுக்குப் பொருந்தாத உணர்ச்சியோடோ இருந்தால் நின்றுவிடுங்கள். பள்ளிகளின் துன்பத்தைப் பற்றித் தலைப்புச் செய்தி வராது. அப்படித் தோன்றினால் தெரிந்த சொல்லைத் தெரியாத சொல்லாக எண்ணி மறுபடி முதலிலிருந்து தொடங்குங்கள்.

நோட்டும், கேட்டுவிட வேண்டிய இடமும்

நோட்டில் ஒரு பக்கத்துக்கு ஒரு வேர். ரோதம் என்று தலைப்பு, கீழே அது வந்த சொற்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரில் எங்கே பார்த்தேன் என்ற குறிப்பு: ரோட்டுப் பலகை, ஆஸ்பத்திரி, பேப்பர். ஊகம் மட்டும் என்றால் பென்சில், உறுதியானால் பேனா. அகர வரிசையில் எழுதிய என் முதல் நோட்டு எதற்கும் உதவவில்லை, அதில் பிரதிரோதமும் உபரோதமும் இருபது பக்கம் தள்ளிக் கிடந்தன.

சில சொற்கள் இந்த முறைக்கு வசப்படாது. பராதி என்றால் புகார். முன்னொட்டு பரா, மிஞ்சியது தி என்று வெட்டிக்கொண்டே போகலாம், ஒன்றும் கிடைக்காது. நம் பிராது என்ற சொல்லைப் பக்கத்தில் வைத்தால் உடனே தெரிந்துவிடும். குடிஸ்ஸிக என்ற சொல்லில் எனக்கு அந்த அதிர்ஷ்டமும் இல்லை. கெட்டிட நிகுதி, அதாவது கட்டட வரி சம்பந்தமான ஒரு காகிதத்தில் அது இருந்தது. குடி என்பதைப் பார்த்து, குடியிருப்பு என்று பென்சிலில் எழுதிவிட்டு, காகிதத்தை அலமாரியில் வைத்தேன். பக்கத்துச் சொற்களோடும் அது பொருந்தவே செய்தது: குடியிருப்புக்கு இவ்வளவு தொகை, இன்ன தேதிக்குள். குடிஸ்ஸிக என்றால் நிலுவை. முந்தைய வருடங்களுக்கும் சேர்த்துக் கட்ட வேண்டியது.

அதிலிருந்து எனக்கு ஒரு வழக்கம். தொகையோ, கடைசித் தேதியோ, மருந்தோ, கையெழுத்துப் போடும் இடமோ இருக்கும் தாளில் ஒரே ஒரு சொல் பென்சிலில் இருந்தாலும் எதிர்வீட்டு அக்காவிடம் எடுத்துப் போய்விடுவேன். "இதென்ன சொல்லுங்கக்கா" என்று வெறுமனே கேட்பதில்லை. "இது நிலுவைதானுங்களே?" என்று என் ஊகத்தோடு கேட்பேன். தவறாக இருந்தால் அவர் சிரிப்பதிலேயே தெரிந்துவிடும். போன வாரம் பள்ளியிலிருந்து வந்த கடிதத்தில் ரக்ஷிதாக்கள் என்று இருந்தது. க்கள் பன்மை, தா செய்கிறவர், ரக்ஷ என்பது ரட்சிப்பது. காப்பவர்கள், அதாவது பெற்றோர். கூட்டத்துக்கு வரச் சொல்கிறார்கள், சனிக்கிழமை பத்து மணிக்கு. அக்காவிடம் காட்டினேன். "ஆமாங்க, பெத்தவங்கதான். நானும் வர்றேன், சேர்ந்தே போயிரலாம்" என்றார்.